‘ஒரு பட்டன் வேணும் அண்ணா’

வெள்ளிக்கிழமை மாலை ஆறே முக்கால். எல்லோரும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரம். சப்போர்ட் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண், இன்ஜினியரிங் குழுவின் சாட்டில் இப்படி எழுதுகிறார்:

“அண்ணா, அவசரம். ஐட்டம் லிஸ்ட்ல பல்க் எடிட் பட்டன் ஒண்ணு வேணும். மெடிக்கல்காரங்க எல்லாரும் கேக்குறாங்க. வேற சாஃப்ட்வேர்ல இருக்காம். சின்ன வேலைதானே, இந்த வாரத்துல முடியுமா?”

இரண்டு நிமிடத்தில் பதிலாக ஒரு கட்டைவிரல் படம் விழுகிறது. பின்னாலேயே “பாக்குறேன்மா”.

அந்தக் கட்டைவிரலை அனுப்பியவர் ‘படித்துவிட்டேன்’ என்று சொல்ல நினைத்தார். பெற்றவர் ‘செய்துவிடுவார்’ என்று எடுத்துக்கொண்டார். திங்கட்கிழமை காலை ஒரு கடைக்காரரிடம் “அடுத்த வாரம் வந்துரும் சார்” என்று அந்தப் பெண் வாக்குக் கொடுத்துவிடுவார். மென்பொருள் நிறுவனங்களில் நடக்கும் பாதிச் சண்டைகளின் ஊற்றுக்கண் இப்படிப்பட்ட ஒரு கட்டைவிரல்தான் என்று, அந்த இரண்டு தரப்புக்கும் நடுவே உட்கார்ந்து வேலை பார்த்த எனக்கு ஓர் எண்ணம் உண்டு.

அந்த ஐந்து வரிகளை, இன்ஜினியர்கள் கையில் எடுத்து வேலை தொடங்கக்கூடிய ஒரு கோரிக்கையாகத் திருத்தி எழுதினால் எப்படி இருக்கும்? அதைக் கடைசி வரை செய்து பார்ப்போம். இதில் வரும் நிறுவனமும் கடைக்காரரும் அவர்களைச் சார்ந்த எண்களும் பல அனுபவங்களைக் கலந்து நான் கட்டியவை. பின்னணியில் இருக்கும் வரி மாற்றம் மட்டும் நிஜம்.

பின்னணி இதுதான். 2025 செப்டம்பர் 3-ம் தேதி, புதன்கிழமை, ஜி.எஸ்.டி. கவுன்சிலின் 56-வது கூட்டம் வரி விகிதங்களை மாற்றியது. 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலும் நீங்கி, 5-ம் 18-ம் பிரதான அடுக்குகளாக நின்றன. 12 சதவீதத்தில் இருந்த மருந்துகளில் பெரும்பாலானவை 5-க்கு இறங்கின. உயிர்காக்கும் மருந்துகள் சிலவற்றுக்கு வரியே இல்லை என்றானது. மருந்துக்கடைகளில் சேர்த்தே விற்கும் ஷாம்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய் எல்லாம் 18-லிருந்து 5-க்கு வந்தன. அமலாகும் நாள் செப்டம்பர் 22, திங்கட்கிழமை. கடைகளுக்கும், கடைகளுக்குப் பில்லிங் மென்பொருள் எழுதிக்கொடுக்கும் நிறுவனங்களுக்கும் கிடைத்தது முழுதாக மூன்று வாரம்கூட இல்லை.

நம் சாட் செய்தி வந்தது 5-ம் தேதி.

இப்போது அந்த ஐந்து வரிகளைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ‘அவசரம்’ என்கிறது. எந்தத் தேதிக்குள், அந்தத் தேதி தாண்டினால் என்ன ஆகும் என்பது இல்லை. ‘எல்லாரும் கேக்குறாங்க’ என்பதில் எத்தனை பேர் என்பது இல்லை. ‘வேற சாஃப்ட்வேர்ல இருக்காம்’ என்பது வாடிக்கையாளரின் சிக்கலே இல்லை. அது நம்முடைய பயம். ‘சின்ன வேலைதானே’ என்பதைச் சொல்லும் தகுதி கேட்பவருக்குக் கிடையாது. வீட்டுக்காரர் கொத்தனாரிடம் “ஒரு சுவர்தானே” என்று சொல்வதைப் போலத்தான் அது. அந்தச் சுவர்தான் மேல் தளத்தைத் தாங்குகிறதா என்பது கொத்தனாருக்குத்தான் தெரியும்.

மிச்சம் இருப்பது ‘பல்க் எடிட் பட்டன்’. பல ஐட்டங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் மாற்றும் வசதி. ஐந்து வரிகளில் தெளிவாக இருக்கும் ஒரே விஷயம் இதுதான். ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. இது ஒரு மருந்தின் பெயர். நோய் என்ன என்று செய்தியில் ஓரிடத்திலும் இல்லை. இன்ஜினியர் நல்லவராக இருந்தால், கேட்டதை அப்படியே செய்து கொடுத்துவிடுவார். அதுதான் எனக்கு அதிகம் கவலை தரும் முடிவு.

இதைத் திருத்தி எழுத வேண்டும் என்றதும் பலர் செய்வது என்னவென்றால், அதே ஐந்து வரிகளை நல்ல மொழியில் நீட்டி எழுதுவது. ‘ஐட்டம் பட்டியலில் மொத்தமாகத் திருத்தும் வசதி தேவைப்படுகிறது. இது பயனர் அனுபவத்தை மேம்படுத்தும்’ என்று. சட்டைக்கு இஸ்திரி போட்டாயிற்று. உள்ளே ஆள் இல்லை. செய்தியில் இல்லாத தகவலை மொழியால் வரவழைக்க முடியாது. தகவல் இருக்கும் இடம் கடைக்காரரின் தலை. ஆகவே திருத்தி எழுதும் வேலையில் பாதி, தொலைபேசியில் நடக்க வேண்டியிருக்கிறது.

திங்கட்கிழமை அந்தப் பெண் பெருந்துறைப் பக்கம் ஒரு மருந்துக்கடைக்காரரைக் கூப்பிடுகிறார். முதலில் கேட்ட மூன்று பேரில் அவர் ஒருவர்.

“ஐயா, பல்க் எடிட் பட்டன் கேட்டிருந்தீங்களே. அது வந்ததும் முதல்ல என்ன பண்ணுவீங்க?”

“ஏனுங்க அம்மிணி, தெரியாதுங்களா? எல்லா மாத்திரைக்கும் டேக்ஸை அஞ்சுக்கு மாத்தோணும். மூவாயிரம் ஐட்டம் இருக்குதுங்க.”

“இப்பவே ஒண்ணொண்ணா மாத்த ஆரம்பிக்கலாமுங்களா?”

“எப்படிங்க மாத்தறது? இருபத்தொண்ணாந் தேதி ராத்திரி கடை சாத்தற வரைக்கும் பன்னெண்டுதான் போடோணும். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குச் சாத்தி, திங்கக்கிழமை காத்தால ஏழு மணிக்குத் தொறப்பேன். அதுக்குள்ள மாத்தோணும். நானும் பையனும் ராத்திரி முழுக்க உக்காந்தாலும் முடியாதுங்க.”

இங்கேயே ஒரு புதுத் தகவல் வந்துவிட்டது. சாட்டில் இல்லாத தகவல் இது. முன்கூட்டியே மாற்றி வைக்க முடியாது என்பதுதான் அவருடைய கழுத்தைப் பிடிக்கும் விஷயம். மூவாயிரம் என்ற எண்ணிக்கை அதற்குப் பிறகுதான்.

அந்தப் பெண் நிறுத்தாமல் இன்னொன்றும் கேட்கிறார். “சரிங்கய்யா, ராத்திரியே மாத்திட்டீங்கன்னு வெச்சுக்கலாம். அப்புறம் வேற ஏதாச்சும் தொந்தரவு வருமுங்களா?”

“வருமுங்க. பத்தொம்பதாந் தேதி வாங்கிட்டுப் போன மாத்திரை அட்டையை இருபத்தி நாலாந் தேதி திருப்பிக் கொண்டாந்தா என்ன பண்றது? பன்னெண்டுல வித்ததைப் பன்னெண்டுலதான் திருப்போணும்னு ஆடிட்டர் சொல்லிட்டாருங்க. உங்க சாஃப்ட்வேர்ல அஞ்சுனு காட்டுனா நான் என்ன பண்ணட்டும்?”

“வேற ஏதாச்சும் தொந்தரவு வருமா?” என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்ட வசதி கைக்கு வந்துவிட்டதாக வாடிக்கையாளரைக் கற்பனை செய்யவைத்து, அடுத்த நாள் கடையில் என்ன நடக்கும் என்று அவர் வாயாலேயே சொல்லவைக்கும் கேள்வி அது. மருந்தைக் கேட்டு வந்தவர் நோயைச் சொல்லத் தொடங்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். “ஏன் வேணும்?” என்று நேராகக் கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். “வந்தா என்ன பண்ணுவீங்க?” என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இப்போது பட்டனை எடைபோட்டுப் பார்க்கலாம். அதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. மூவாயிரம் ஐட்டத்தை ஒரு நிமிடத்தில் மாற்றிக் கொடுக்கும். ஆனால் அதை ஞாயிறு இரவு பத்துக்கும் திங்கள் காலை ஏழுக்கும் நடுவே தட்ட வேண்டும். ஆயிரக்கணக்கான கடைகள் அதே ஒன்பது மணி நேரத்தில் தட்டும். தவறாகத் தட்டியவர்கள் அதே நேரத்தில் சப்போர்ட்டைக் கூப்பிடுவார்கள். அடுத்து, நம் நிறுவனத்தின் மென்பொருளில் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ஒரே ஒரு வரி விகிதம் வைக்கத்தான் இடம். 12-ஐ அழித்து 5 எழுதினால், 12 இருந்ததற்கான சுவடே மிஞ்சாது. பில் எண் இல்லாமல் மாத்திரை அட்டையை மட்டும் கொண்டுவந்து ஒருவர் நீட்டினால், திரும்பப் பெறும் திரை ஐட்டம் பட்டியலைப் பார்த்து 5 என்றுதான் காட்டும். கேட்ட பட்டனை நன்றாகச் செய்து கொடுத்தால், கடைக்காரர் பயந்த தவறு மூவாயிரம் ஐட்டத்திலும் ஒரே தட்டில் நடந்துவிடும்.

இனி பாதிப்பு. கோரிக்கைகளில் அதிகம் கெட்டுப்போகும் பகுதி இது.

‘எல்லாரும்’ என்று அந்தப் பெண் எழுதியபோது அவர் மனதில் இருந்தவர்கள் மூன்று பேர். இரண்டு நாள் அழைப்புப் பதிவுகளில் ‘12’, ‘டேக்ஸ் மாத்த’, ‘22-ம் தேதி’ என்று தேடிப் பார்த்தபோது 61 கடைகள் கூப்பிட்டிருந்தது தெரிந்தது. வழக்கமாக ‘எல்லாரும்’ என்பதைத் தேடிப்போனால் சுருங்கும். சத்தமாகப் பேசிய ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளரில் போய் நிற்கும். இங்கே விரிந்தது. எப்படியானாலும் தேடிப் பார்க்காமல் அந்தச் சொல்லை எழுதக்கூடாது.

கூப்பிட்டவர்களை எண்ணினால் மட்டும் போதாது. கூப்பிடாதவர்களும் அதே குழியில்தான் இருக்கிறார்கள். நிறுவனத்தின் தரவுத்தளத்தில் ஒரு கேள்வி போட்டால் தெரிந்துவிடும்: 12 சதவீதத்தில் ஆயிரம் ஐட்டத்துக்கு மேல் வைத்திருக்கும் மருந்துக்கடைகள் எத்தனை? பதில், 2,600-ல் 1,140. இதை எடுக்க ஓர் இன்ஜினியருக்குப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டு வாங்கத் தயங்கவே கூடாது.

நேரத்தையும் ஊகிக்க வேண்டியதில்லை. கடைக்காரர் சம்மதத்தோடு அவர் திரையைத் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டு, பத்து ஐட்டத்தில் ஷெல்ஃப் எண்ணை மாற்றிக் காட்டச் சொல்கிறார்கள். வரியை மாற்றும் அதே படிகள்தான். மொத்தம் 3 நிமிடம் 20 விநாடி. ஐட்டத்துக்கு 20 விநாடி. மூவாயிரத்துக்கு 60,000 விநாடி, அதாவது 16 மணி 40 நிமிடம். அவருக்குக் கிடைக்கும் இடைவெளி 9 மணி நேரம். ‘ரொம்பக் கஷ்டப்படுறாங்க’ என்று பத்து முறை எழுதினாலும் அசையாத ஒரு இன்ஜினியரிங் தலைவர், இந்த இரண்டு எண்களை அடுத்தடுத்துப் பார்த்தால் நிமிர்ந்து உட்காருவார்.

பணக் கணக்குக்குள் நான் சாதாரணமாகப் போகமாட்டேன். ‘இதைச் செய்யாவிட்டால் இத்தனை லட்சம் இழப்போம்’ என்று எழுத ஆசையாகத்தான் இருக்கும். எத்தனை கடை விட்டுப் போகும் என்று யாருக்கும் தெரியாத நிலையில் அந்த எண் வெறும் ஜோசியம். ஒரு முறை ஜோசியம் என்று கண்டுபிடிக்கப்பட்டால், அடுத்த முறை நீங்கள் கொண்டுவரும் நிஜ எண்ணையும் யாரும் நம்பமாட்டார்கள். எண்ணியது எது, கணக்கிட்டது எது, ஊகித்தது எது என்று பிரித்து எழுதினால் போதும்.

இவ்வளவும் கைக்கு வந்த பிறகு, எழுதும் வேலை அரை மணி நேரம்தான். அந்தப் பெண்ணும் நடுவில் இருக்கும் பிராடக்ட் ஆளும் சேர்ந்து எழுதியது இது:

தலைப்பு: செப்டம்பர் 22 வரி மாற்றத்துக்கு மருந்துக்கடைகள் முன்கூட்டியே தயாராக நம் மென்பொருளில் வழியில்லை.

சிக்கல்: கடைகள் 21-ம் தேதி இரவு வரை 12 சதவீதமும், 22-ம் தேதி முதல் பில்லிலிருந்து 5 சதவீதமும் போட வேண்டும். ஒரு ஐட்டத்துக்கு ஒரே விகிதம்தான் வைக்க முடியும் என்பதால், எல்லா மாற்றத்தையும் அந்த ஓர் இரவில் செய்தாக வேண்டும். மாற்றிய பிறகு, 22-க்கு முன் விற்ற மருந்து பில் எண் இல்லாமல் திரும்பி வந்தால், பழைய விகிதம் கிடைப்பதில்லை. வாடிக்கையாளர் சொன்னது: “பன்னெண்டுல வித்ததைப் பன்னெண்டுலதான் திருப்போணும்னு ஆடிட்டர் சொல்லிட்டாருங்க.”

யாருக்கு, எவ்வளவு: 12 சதவீதத்தில் 1,000 ஐட்டத்துக்கு மேல் வைத்திருக்கும் 1,140 மருந்துக்கடைகள் (தரவுத்தளத்தில் எண்ணியது). இரண்டு நாளில் 61 கடைகள் இதற்காகக் கூப்பிட்டன (அழைப்புப் பதிவில் எண்ணியது). 3,000 ஐட்டம் உள்ள கடைக்கு ஒருவர் செய்தால் 16 மணி 40 நிமிடம் (பத்து ஐட்டத்தைப் பார்த்துக் கணக்கிட்டது). கிடைக்கும் இடைவெளி 9 மணி நேரம்.

எப்போது: 17-ம் தேதி புதன்கிழமைக்குள் கடைகளின் கைக்கு வர வேண்டும்; சரிபார்க்க அவர்களுக்கு நான்கு நாளாவது தேவை. 22-க்குப் பிறகு வந்தால் முதல் சிக்கலுக்குப் பயனில்லை. திரும்பி வரும் மருந்துகளுக்கு அதற்குப் பிறகும் பயன் உண்டு.

சரியாக நடந்தால்: ஒரே மாத்திரைக்கு 21-ம் தேதி இரவு 9.50-க்குப் போட்ட பில்லில் 12. 22-ம் தேதி காலை 7.05-க்குப் போட்ட பில்லில் 5. 19-ம் தேதி விற்றதை 24-ம் தேதி திரும்பப் பெறும்போது 12. இந்த மூன்றுக்கும் கடைக்காரர் 21-ம் தேதி இரவு எதையும் தொட வேண்டியிருக்கக் கூடாது.

இதில் அடங்காதது: பெயர், ஷெல்ஃப், தள்ளுபடி ஆகியவற்றை மொத்தமாக மாற்றுவது.

தெரியாதது: மொத்த வியாபாரிகளுக்கு இதே சிக்கல் எந்த அளவில் இருக்கிறது என்று விசாரிக்கவில்லை. வரியே இல்லாத மருந்துகளை எச்.எஸ்.என். எண்ணை வைத்து மட்டும் பிரிக்க முடியாது. மற்ற மருந்துகளும் அதே 3004-ல் வருகின்றன.

அவ்வளவுதான். ஒரு பக்கம். இதில் ‘பட்டன்’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கேட்டவரை அவமதிப்பதற்காக எடுக்கவில்லை. என் கையில் இருக்கும் சோதனை ஒன்றுதான்: சிக்கல் என்ற பத்தியை மட்டும் படித்துவிட்டு, இதைத் தீர்க்க இரண்டு வெவ்வேறு வழி தோன்றுகிறதா என்று பார்ப்பேன். ஒரே வழிதான் தோன்றுகிறது என்றால், சிக்கல் என்ற பெயரில் யாரோ தீர்வை ஒளித்துவைத்திருக்கிறார்கள். ‘பட்டன் இல்லாததால் மொத்தமாக மாற்ற முடியவில்லை’ என்பது அந்த வகை. அதைத் தீர்க்கப் பட்டனைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

இந்த வேலைக்கென்றே ஓர் அச்சு வாசகம் புழக்கத்தில் இருக்கிறது. 2001 வாக்கில் பிரிட்டனில் கனெக்ஸ்ட்ரா என்ற நிறுவனத்தில் உருவானது: ‘இன்னாராக, எனக்கு இன்னது வேண்டும், இன்னதற்காக’ என்று கோடிட்ட இடங்களை நிரப்ப வேண்டும். உலகம் முழுக்க மென்பொருள் குழுக்கள் இன்றும் அதைத்தான் நிரப்பிக்கொண்டிருக்கின்றன. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ‘மருந்துக்கடைக்காரராக, எனக்குப் பல்க் எடிட் பட்டன் வேண்டும், மொத்தமாகத் திருத்துவதற்காக’ என்றும் அதை அழகாக நிரப்பிவிடலாம். மூன்று கோடும் நிரம்பிவிட்டது. பெருந்துறைக்கு யாரும் போன் போடவில்லை.

அந்த ஒரு பக்கத்தைப் படித்த இன்ஜினியர் என்ன செய்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் பத்து நிமிடத்திலேயே அவருக்குப் பட்டனைவிட நல்ல வழி தென்பட்டது. ஐட்டத்தோடு ஒட்டியிருக்கும் வரி விகிதத்தைப் பிரித்து, ‘இந்த ஐட்டத்துக்கு, இந்தத் தேதியிலிருந்து, இந்த விகிதம்’ என்று தனிப் பட்டியலாக வைப்பது. பில் போடும்போது பில் தேதிக்குரிய விகிதத்தை மென்பொருள் தானே எடுத்துக்கொள்ளும். மருந்து திரும்பி வந்தால், விற்ற தேதியைக் கேட்டு அந்தத் தேதிக்குரியதை எடுக்கும். பழையது அழியாது. கடைக்காரர் பத்து நாள் முன்பே 5-ஐப் பதிந்து வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆனால் இதற்கென்று நல்ல திரை ஒன்று வடிவமைக்க 17-ம் தேதிக்குள் நேரமில்லை. கெடு தெளிவாக எழுதப்பட்டிருந்ததால் அவரால் துணிந்து வெட்ட முடிந்தது. திரை வேண்டாம், கடைக்காரர் தன் ஐட்டம் பட்டியலை எக்செல்லாக இறக்கி, புது விகிதம், தேதி என்ற இரண்டு பத்திகளை நிரப்பித் திரும்ப ஏற்றினால் போதும் என்று முடிவானது. அழகாக இருக்காது, வேலை நடக்கும். ‘அவசரம்’ என்று மட்டும் எழுதியிருந்தால், எதை வெட்டலாம் என்ற பேச்சே தொடங்கியிருக்காது.

அவர் கேட்ட ஒரு கேள்வி எல்லோரையும் திடுக்கிட வைத்தது. சரியாக நடந்தால் என்று கொடுத்திருந்த உதாரணத்தை எடுத்து, ஒரு மாத்திரை அட்டையின் எம்.ஆர்.பி. 112 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார். எம்.ஆர்.பி. என்பது வரியையும் சேர்த்த விலை. 12 சதவீதத்தில் அது 100 ரூபாய் விலையும் 12 ரூபாய் வரியும். 22-ம் தேதி விகிதம் மட்டும் 5 என்று மாறி, 112 அப்படியே நின்றால்? மென்பொருள் அதை 106 ரூபாய் 67 காசு விலை, 5 ரூபாய் 33 காசு வரி என்று பிரிக்கும். வாடிக்கையாளர் அதே 112 கொடுப்பார். குறைந்த வரி கடைக்காரரின் லாபமாகிவிடும். வர வேண்டிய விலை 105. வரி மாற்றமே நோயாளியின் கையில் அந்த 7 ரூபாயைக் கொடுப்பதற்காகத்தான்.

இதை இன்ஜினியர் தானாக முடிவு செய்ய முடியாது, செய்யவும் கூடாது. திருத்திய விலைப் பட்டியல் மருந்துத் தயாரிப்பாளர்களிடமிருந்து வர வேண்டும். மருந்துக்கடை மென்பொருளில் எம்.ஆர்.பி. ஐட்டத்துக்கு ஒன்றாக இல்லாமல் பேட்ச் வாரியாக இருக்கும் என்பதால், பழைய விலை அச்சிட்ட அட்டைகளுக்கும் புது விலையைப் பதிய வழி வேண்டும். எக்செல்லில் மூன்றாவது பத்தியாகப் புது எம்.ஆர்.பி. சேர்ந்தது இப்படித்தான். கோரிக்கையை எழுதிய இருவருக்கும் இது தோன்றவில்லை. தேதியும் விகிதமும் வைத்துக் கொடுத்த உதாரணம்தான் இன்னொருவரை எண்களைப் போட்டுப் பார்க்கவைத்தது. ‘வரி சரியாக வர வேண்டும்’ என்று பொதுவாக எழுதியிருந்தால், 112 ரூபாய்ச் சங்கதி 22-ம் தேதி காலை ஏதோ ஒரு கவுண்டரில் சண்டையாக வெளிப்பட்டிருக்கும்.

எல்லாச் சாட்டுக்கும் இவ்வளவு பாடுபட வேண்டுமா என்றால், வேண்டாம். பில்லில் ‘நன்றி’ என்பதற்கு ‘நன்ற’ என்று அச்சாகிறது என்று ஒருவர் எழுதினால், அதைத் திருத்த ஒரு பக்கக் கோரிக்கை கேட்பவர் அலுவலக நந்தி. தவறாகப் போனால் உடனே பழையபடி திருப்பிவிடக்கூடிய சின்ன வேலைகளுக்குச் சாட்டே போதும். வாடிக்கையாளரின் தரவை அழித்து எழுதும் வேலை, பணமும் வரியும் சம்பந்தப்பட்ட வேலை, ஒரு தேதி தாண்டினால் பயனில்லாத வேலை என்றால் ஒரு பக்கம் எழுதத்தான் வேண்டும்.

இன்னொரு பக்கத்திலும் ஒரு பள்ளம் உண்டு. திருத்தி எழுதுகிறவர் கை தேர்ந்தவராக ஆக ஆக, வாடிக்கையாளர் சொல்லாததையும் அவர் சொன்னதாக எழுதும் பழக்கம் வந்துவிடும். ‘பையனும் நானும் ராத்திரி உக்காந்தாலும் முடியாது’ என்பது ‘மனிதவளப் பற்றாக்குறை’ ஆகிவிடும். கோரிக்கை மிடுக்காகத் தெரியும். படிப்பவர் கண்ணில் அந்தக் கடை தெரியாது. அதனால்தான் ஒரு வரியாவது அவர் சொன்ன மாதிரியே, ‘திருப்போணும்’ என்றே இருக்கட்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பேன். மூலச் சாட்டையும் கோரிக்கையோடு ஒட்டிவைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து யாராவது ‘இதை ஏன் இப்படிச் செய்தோம்?’ என்று கேட்பார்கள். அப்போது அந்த வெள்ளிக்கிழமை மாலைச் செய்தி உதவும்.

கேட்டவரிடம் எப்படிப் பேசுவது என்பதும் ஒரு கலை. “முழு விவரம் இல்லாமல் கேட்காதீர்கள்” என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்த முறை அந்தப் பெண் கேட்கவே மாட்டார். 61 கடைகளின் குரல் சப்போர்ட் அறையோடு நின்றுவிடும். கட்டைவிரலுக்குப் பதிலாக இன்ஜினியர் இப்படி எழுதியிருக்கலாம்: “கண்டிப்பாப் பாக்கலாம்மா. பட்டன் வந்தா அவங்க முதல்ல என்ன பண்ணுவாங்க, எந்தத் தேதிக்குள்ள வேணும், எத்தனை கடைன்னு மட்டும் சொல்றியா?” மூன்று கேள்வி. பதில் தெரியாவிட்டால், யாரைக் கேட்டால் தெரியும் என்பதாவது அவருக்குப் புரியும்.

17-ம் தேதி எக்செல் வசதி வெளியானது. அன்று மாலையே அந்தப் பெண் பெருந்துறைக்காரரைக் கூப்பிட்டார்.

“பட்டன் வந்துருச்சுங்களா அம்மிணி?”

“பட்டன் இல்லீங்கய்யா. எக்செல்ல தேதி போட்டு ஏத்திட்டா, இருபத்திரண்டாந் தேதி அதுவே மாறிக்கும். பழைய பில்லுக்குப் பன்னெண்டே இருக்கும்.”

சற்று நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. யாரோ இருமல் மருந்து கேட்பதும், சில்லறை எண்ணுவதும் கேட்டது.

“அப்ப ஞாயித்துக்கிழமை ராத்திரி நானும் பையனும் உக்கார வேண்டியதில்லீங்களா?”

“வேண்டாங்கய்யா. சனிக்கிழமையே ஏத்திரலாம். நான் கூட இருந்து பாத்துக்கறேன்.”